நாள்காட்டித் தாளின் பின்பக்கம்

போன புதன்கிழமை நான் மதுரையில் இருந்திருக்க வேண்டும். தணிக்கை வேலை என்னுடையது. மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் போய்க் கணக்குப் பார்க்க வேண்டும். செவ்வாய் ராத்திரி, பையில் சட்டையெல்லாம் எடுத்து வைத்த பிறகு போன் வந்தது. அங்கே பொறுப்பில் இருப்பவர் விடுப்பு, வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்றார்கள். அப்படித்தான் ஒரு வேலைநாளில், பண்டிகை இல்லை, விருந்தாளி இல்லை, யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போகவும் இல்லை, காலையிலிருந்து ராத்திரி வரை உறையூரில் என் வீட்டிலேயே இருந்தேன்.

வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, என் அம்மா. மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அம்மாவுக்கு 74 வயது. இருபது வருஷத்துக்கும் மேலாகச் சர்க்கரை. மாத்திரையிலிருந்து இன்சுலினுக்கு மாறி ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் ஏழு வருஷம் அம்மாவே போட்டுக்கொண்டார். கை நடுங்க ஆரம்பித்து, ஊசியில் இருக்கிற கோடும் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகு, இந்த இரண்டு வருஷமாக என் மனைவிதான் போடுகிறாள். அவள் வீட்டிலேயே தையல் தைக்கிறாள். பெரும்பாலும் ரவிக்கைதான். கூடத்தில் ஜன்னலை ஒட்டி மெஷின், அதற்கு எதிரே அம்மாவின் சாய்வு நாற்காலி.

இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. வெளியூரில் இருக்கும் நாட்களில் காலை ஏழு மணிக்குள் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்துவிடும். "118. சரியா இருக்கு." நானும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் ஒரு முழு நாள் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

காலை ஆறு மணிக்குப் பாலுக்கு அடுப்பைப் பற்ற வைக்கும்போதே குளிர்பெட்டிக் கதவில் இருக்கும் இன்சுலின் பாட்டிலை எடுத்து வெளியே வைத்துவிடுகிறாள். அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை, ஜன்னல் ஓரத்து அலமாரியில். ஜில்லென்று இருக்கும் மருந்து உள்ளே போனால் அம்மாவுக்கு எரிகிறது. ஒரு மணி நேரம் வெளியே இருந்தால் அந்த எரிச்சல் இல்லை. அப்புறம் அம்மா எழுந்து வந்து முகம் கழுவியதும் விரலில் குத்தி சர்க்கரை பார்க்கிறாள். விரல் நுனியின் நடுவில் குத்துவதில்லை, பக்கவாட்டில்தான். நடுவில் குத்தினால் நாள் முழுக்க எதைத் தொட்டாலும் உறுத்தும் என்று அம்மா முன்பு சொன்னாராம். அன்றைக்கு 124.

ஊசி போடும் நேரத்தை அவள் கடிகாரத்தைப் பார்த்து வைக்கவில்லை, இட்லிப் பானையை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். அம்மாவுக்குப் போடுவது 30-70 கலவை இன்சுலின். அதில் வேகமாக வேலை செய்வது ஒரு பங்கு, மெதுவாக நாள் முழுக்க வேலை செய்வது மிச்சம். வேகமாக வேலை செய்யும் பங்கு ரத்தத்தில் ஏற அரை மணி நேரம் ஆகும். அதனால் ஊசி போட்டு அரை மணி கழித்துச் சாப்பாடு வாயில் இருக்க வேண்டும். சீக்கிரம் சாப்பிட்டால் சர்க்கரை முந்திக்கொள்ளும், தாமதமானால் மருந்து முந்திக்கொள்ளும். இரண்டாவதுதான் ஆபத்து. இட்லிப் பானையில் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு வந்து ஊசி போட்டால், தண்ணீர் கொதித்து, தட்டு ஏறி, பன்னிரண்டு நிமிஷம் வெந்து, ஆறி, சட்னி தாளித்துத் தட்டில் விழும்போது சரியாக அரை மணி ஆகிவிடுகிறது.

"மாவு இருக்கா, சிலிண்டர்ல கேஸ் இருக்கான்னு பாக்காம நான் ஊசியத் தொடவே மாட்டேன்" என்றாள். ஒரு தடவை ஊசி போட்ட பிறகு பாதி வேக்காட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதாம். பால் இருந்தது, பூவன் பழம் இருந்தது, அதைக் கொடுத்துச் சமாளித்தேன் என்றாள். எப்போது நடந்தது என்று கேட்டேன். போன வருஷம் ஆடி மாதமாம். அன்றைக்கும் எனக்கு வந்த செய்தி "சரியா இருக்கு" என்றுதான் இருந்திருக்கும்.

பாட்டிலைக் குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, தீபாவளி முறுக்கு மாவை உருட்டுகிற மாதிரி மெதுவாகப் பத்து தடவை உருட்டுகிறாள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது மேலே ஏறி, பாட்டில் முழுக்க ஒரே சீராகப் பால் மாதிரி ஆகிறது. குலுக்கினால் நுரை கட்டும். நுரை ஊசிக்குள் குமிழியாக வரும், குமிழி இருக்கிற இடத்தில் மருந்து இருக்காது. அப்புறம் ஊசியில் 20 கோடு வரை காற்றை இழுத்து அதைப் பாட்டிலுக்குள் தள்ளி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மருந்தை 20 வரை இழுக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். நூல் கோர்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

ஊசியின் மூடி நிறத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள். எங்கள் பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்கு உரிய ஊசிக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் மருந்துக்கு உரிய ஊசிக்கு ஆரஞ்சு மூடி. ஒரு தடவை மருந்துக்கடையில் ஆரஞ்சு மூடி ஊசிக்கட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாங்கி வந்தவன் நான். அதில் 20 கோடு வரை எங்கள் மருந்தை இழுத்தால் உள்ளே போவது எட்டு யூனிட்தான். அவள் கட்டைப் பிரிக்காமலே கொண்டுபோய் மாற்றி வந்தாள். ஏதோ அளவு தவறு போலிருக்கிறது என்று நான் அன்றைக்கு அதை மறந்தும் போனேன்.

ஊசி போடும்போது இருவரும் ஊசியைப் பற்றிப் பேசுவதே இல்லை. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். வயிற்றுச் சதையை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டே அவள் கேட்கிறாள். "அத்தை, அந்தக் கீழ வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாங்களே, என்னாச்சு?" அம்மா உடனே ஆரம்பிக்கிறார். மாப்பிள்ளைக்கு எந்த ஊர், மாமியார் எப்படிப்பட்டவர், எத்தனை பவுன் கேட்கிறார்கள். ஊசி உள்ளே போய், மருந்து போய், அவள் மனசுக்குள் பத்து எண்ணி முடித்து, ஊசியை வெளியே எடுக்கிறாள். அம்மா இன்னும் பவுன் கணக்கிலேயே இருக்கிறார். "போட்டுட்டியா?" என்றுகூடக் கேட்கவில்லை. என் அம்மா அந்த வீட்டின் விஷயம் தெரிந்த பெரிய மனுஷியாக இருக்கிறார், மருமகள் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். அந்தப் பத்து நொடியில் அம்மா நோயாளி இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்கு முந்தின நாளே தெரியும். மாப்பிள்ளை வீட்டு விஷயத்தை எனக்குச் சொன்னதே அவள்தான்.

அவள் விரல்களைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் இந்த வேலையைக் கையில் எடுத்தபோது அம்மாவின் சர்க்கரை எந்தக் கணக்கிலும் அடங்காமல் இருந்தது. ஒருநாள் காலை 96, மறுநாள் 270. சாப்பாடு அதேதான், மருந்தும் அதேதான். அளவு ஏறிக்கொண்டே போய்க் காலையில் 28, ராத்திரி 18 யூனிட்டில் வந்து நின்றது. அம்மா ஒளித்து வைத்து இனிப்பு சாப்பிடுகிறார் என்று நான் சந்தேகப்பட்டேன். ஒருநாள் அதைக் கேட்டும் விட்டேன். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து போனார். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அவள் ஊசி போட ஆரம்பித்த மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். தொப்புளுக்கு இடது பக்கம், இரண்டு விரல் தள்ளி, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடம். பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. தடவினால் தெரிகிறது. "ரவிக்கைக் கழுத்துல கேன்வாஸ் வெச்சு ஒட்டியிருந்தா மேல இருந்து தெரியாது, தடவினா அந்த இடம் மட்டும் விறைப்பா இருக்கும்ல, அந்த மாதிரி இருந்துச்சுங்க" என்று என்னிடம் போனில் சொன்னாள். அம்மாவிடம் கேட்டால், ஏழு வருஷமாக அங்கேயேதான் போட்டுக்கொள்கிறேன், அங்கே போட்டால்தான் வலிக்காது என்றாராம்.

மருத்துவர் தடவிப் பார்த்துவிட்டு அதுதான் காரணம் என்றார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்கு அடியில் கொழுப்பு கட்டிப்போய்விடும். அங்கே வலி குறைவாக இருப்பதால் போட்டுக்கொள்பவர்களுக்கும் அந்த இடமே பிடித்துப்போகும். ஆனால் அந்தக் கட்டிக்குள் போகிற மருந்து ரத்தத்துக்கு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. ஒருநாள் பாதி அங்கேயே தங்கும், இன்னொருநாள் வந்துவிடும். அளவு ஏறிக்கொண்டே போனதும் அதனால்தான். அதோடு அவர் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். புது இடத்தில் இதே 28 யூனிட்டைப் போட்டால் அத்தனையும் ஒழுங்காக உள்ளே போய்ச் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கிவிடும். அதனால் அளவைக் குறைத்து, ஒரு வாரம் தினம் நாலு தடவை பார்க்கச் சொன்னார். படிப்படியாகக் காலையில் 20, ராத்திரி 12 என்று வந்து நின்றது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 9.4 சதவீதமாக இருந்தது அடுத்த ஆறு மாதத்தில் 7.6 ஆனது. அம்மா இனிப்பு எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை. நான் அம்மாவிடம் போய் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். என்னைக் கேட்க வைத்ததும் அவள்தான். "அத்தை மனசுல அது இருக்குங்க, நீங்களே போய்ச் சொல்லிருங்க" என்றாள்.

இப்போது வயிற்றை நாலு பாகமாகப் பிரித்து வைத்திருக்கிறாள். வாரத்துக்கு ஒரு பாகம். ஒவ்வொரு ஊசியும் முந்தினதிலிருந்து ஒரு விரல் தள்ளி. கட்டி இருந்த இடத்தில் இந்த இரண்டு வருஷமாக ஒன்றுகூடப் போடவில்லை. அது மெல்ல இளகிக்கொண்டு வருகிறது, வாரம் ஒரு தடவை தடவிப் பார்க்கிறாள்.

எட்டு மணிக்கு மேல் வீடு தையல் கடையாகிறது. மறுநாள் காலை கொடுக்க வேண்டிய ரவிக்கை ஒன்று மெஷினில் இருந்தது. மயில் கழுத்து நிறம், உள்ளே லைனிங் வைத்தது, கைமட்டும் ஏற்ற வேண்டியது பாக்கி. அதற்கு நடுவில் ஒரு பெண் அளவு கொடுக்க வந்தார், கூட நாலு வயதுப் பையன். பத்தரை மணிக்கு அம்மாவுக்கு ஒரு கிண்ணம் பச்சைப்பயறு சுண்டல் வந்தது. அது தினமும் உள்ள ஏற்பாடு. காலை ஊசியின் மெதுவான பங்கு பதினொரு மணிக்கு மேல்தான் உச்சத்துக்கு வரும். அதற்குப் பிடித்துக்கொள்ள வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். அம்மா அந்தக் கிண்ணத்தைப் பையனிடம் கொடுத்துவிட்டார். பையன் சாப்பிட்டான். நான் பேப்பர் படித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். நல்ல காரியம்தானே என்று நினைத்தேன். அளவெடுத்துக்கொண்டிருந்தவள் அதைப் பார்க்கவில்லை.

பதினொன்றே முக்கால் இருக்கும். அவர்கள் போன பிறகு அவள் கை ஏற்றிக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருக்க, திரும்பாமல் கேட்டாள்.

"அத்தை, இந்தக் கலருக்குக் கருப்பு ஹூக் வெக்கவா, வெள்ளை வெக்கவா?"

"ம்" என்றார் அம்மா.

"கருப்பே வெச்சிரட்டுமா?"

"ம்."

மெஷின் நின்றது. தையலின் பாதியில் நின்றது. சக்கரத்தைக் கையால் அரைச்சுற்றுச் சுற்றி, ஊசியைத் துணிக்குள்ளேயே இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். நேராக அம்மாவிடம் போய், பின்கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் கழுத்து நனைந்திருந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் கருவியை எடுத்து விரலில் குத்திவிட்டாள். 61.

அவள் குரல் கொஞ்சமும் மாறவில்லை. "என்னங்க, அரை டம்ளர் தண்ணில மூணு ஸ்பூன் சர்க்கரை. டீஸ்பூன். நல்லாக் கரைச்சு." நான் பிஸ்கட் டப்பாவையும் சேர்த்து எடுத்து வந்தேன். அதைத் தள்ளி வைத்தாள். பிஸ்கட்டில் மாவும் நெய்யும் இருக்கிறது, ரத்தத்துக்கு வர நேரமாகும், இப்போதைக்கு வெறும் சர்க்கரைதான், பிஸ்கட் அப்புறம் என்றாள். அம்மா நல்ல நினைவோடுதான் இருந்தார், டம்ளரைத் தானே பிடித்துக் குடித்தார். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும் என்பதையும் அவள் அப்புறம் என்னிடம் சொல்லி வைத்தாள், வீட்டில் நான் தனியாக இருக்கும் நாளுக்காக.

பிறகு பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்குச் செய்ய ஒன்றும் இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும். பதற்றத்தில் இன்னும் இரண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது, அப்புறம் அது சாயங்காலம் 300-இல் போய் நிற்கும். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மகள் விடுதியில் சாம்பார் எப்படி இருக்கிறது என்று சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கேட்டாரா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், சுண்டல் சாப்பிட்டாங்களா என்று. நான் நடந்ததைச் சொன்னேன். "காலைல இட்லியும் ரெண்டோட நிறுத்திட்டாங்க. அதான்" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை, அம்மாவையும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பப் பார்த்தாள். 94. இரண்டு பிஸ்கட் கொடுத்தாள். அவள் எழுந்து அடுக்களைக்குள் போகும்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏம்மா, அதுக்குப் போயி யாராவது கருப்பு ஹூக் வெப்பாங்களா? வெள்ளைதான் வெக்கணும்."

அவள் அங்கேயே நின்று திரும்பி, "சரிங்க அத்தை" என்றாள். அந்தச் "சரிங்க"வில் இருந்த நிம்மதியை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கருவி காட்டிய 94-ஐவிட இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டேன். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், எனக்கு எதுவும் தெரியவில்லையே. அவள் யோசித்துச் சொன்னாள்: "அத்தை ஒரு கேள்விக்கு 'ம்'னு சொல்ற ஆள் இல்லைங்க. ஒரு 'ம்'னா தூக்கம்னு விட்டுருவேன். ரெண்டு 'ம்'னா எழுந்திருச்சிருவேன்." சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நெஞ்சு படபடக்கும், சிலர் காரணமில்லாமல் கோபப்படுவார்கள். இத்தனை வருஷ சர்க்கரையில் அம்மாவுக்கு அந்த நடுக்கமும் படபடப்பும் முன்கூட்டியே வருவது குறைந்துவிட்டது என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். மிஞ்சி இருப்பது இந்த மௌனமும் கழுத்து வியர்வையும்தான். மௌனத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் நாள் முழுக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மெஷின் ஓட்டிக்கொண்டே அவள் அம்மாவிடம் நூலைப் பற்றியும் ஹூக்கைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருப்பது வெறும் பொழுதுபோக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மத்தியானம் இருவரும் கண்ணயர்ந்த நேரத்தில், அலமாரியில் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கிளிப்பில் செருகியிருந்த தாள்களை எடுத்துப் பார்த்தேன். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்கள். எங்கள் வீட்டு நாள்காட்டியில் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம், ராசிபலன். பின்பக்கத்தில் அவள் கையெழுத்து. ஒவ்வொரு தாளிலும் மூன்று நாலு வரிதான். சர்க்கரை எவ்வளவு, ஊசி எவ்வளவு, எந்த இடம். இடது மேல் பாகத்துக்கு "இ.மே", வலது கீழுக்கு "வ.கீ". அப்புறம் சாப்பாடு. அதற்குக் கீழே ஒரு வரி, சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை.

"பெரியத்தை திதி. அத்தை மத்தியானம் வரை சாப்பிடவில்லை. டாக்டரைக் கேட்டு ஊசி குறைத்தேன்."

"மாம்பழம் நறுக்கிய கை. 312. கை கழுவித் துடைத்துப் பார்த்தால் 148."

"கரண்ட் இல்லை. மருந்து மண்பானையில்."

"அவர் வந்தார். அத்தை கூட ஒரு இட்லி. 186."

கடைசியாகச் சொன்னது மாதிரி வரிகள் பல தாள்களில் இருந்தன. நான் ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு நாளும் அம்மா ஒரு இட்லி கூடச் சாப்பிட்டிருக்கிறார், ராத்திரி சர்க்கரை ஏறியிருக்கிறது. அவள் அதை எழுதி வைத்திருக்கிறாள். ஆனால் ஒருநாள்கூட அந்த இட்லியை வேண்டாம் என்று சொல்லவில்லை. சில தாள்களில் அதற்குப் பக்கத்திலேயே, "சாயங்காலம் கோயில் வரை நடை" என்று இருந்தது. அம்மாவை வெக்காளியம்மன் கோயில் வரை மெல்ல நடத்திக் கூட்டிப் போய் அந்த ஒரு இட்லியைக் கரைத்திருக்கிறாள். நான் ஊருக்கு வந்தால் சாயங்காலம் இரண்டு பேரும் கோயிலுக்குக் கிளம்புவது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தாள்களை அடுக்கி அதே கிளிப்பில் செருகி வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் எழுந்து வந்ததும், "நீ எழுதினதெல்லாம் படிச்சேன்" என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

"நல்லதாப் போச்சு. அதுல போன மாசம் ஆறாம் தேதித் தாள் இருந்துச்சா? டாக்டர்கிட்டக் காட்டணும், ஒரு வாரமாத் தேடறேன்" என்றாள். இரண்டு பேரும் தேடினோம். அளவு நோட்டுக்குள் ஒரு துண்டு லைனிங் துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ராத்திரி ஏழேகாலுக்கு 12 யூனிட். கோதுமை தோசை. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அகல டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, சூட்டைத் தன் முழங்கையால் பார்த்துவிட்டு, அம்மாவின் கால்களைக் கழுவித் துடைத்தாள். விரல் இடுக்குகளில் ஈரம் இல்லாமல் துடைத்து, ஒவ்வொரு விரலையும் விரித்து, உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஏதாவது குத்தினாலும் தெரியாது, தெரியாத புண்தான் பெரிதாகும். அதனால் அம்மாவின் கால் வலிக்கிற வேலையை அவள் கண் பார்க்கிறது. அந்த நேரத்திலும் பேச்சு கீழ வீட்டு மாப்பிள்ளையைப் பற்றித்தான்.

அம்மா படுத்த பிறகு அவள் மெஷினுக்கு வந்தாள். மத்தியானம் அடுக்களை, துணி துவைத்தது, கடைக்குப் போனது என்று ரவிக்கையைத் தொடவே நேரமில்லை. காலையில் ஊசியை இறக்கி வைத்த இடத்திலேயே துணி அப்படியே இருந்தது. ஊசி துணிக்குள் இறங்கியிருந்தால் பாதியில் விட்டாலும் தையல் நகராதாம். விளக்கைப் போட்டு, காலை மிதிமேல் வைத்து, விட்ட இடத்திலிருந்து ஓட்டினாள். இரண்டு கையையும் ஏற்றி முடித்து, வெள்ளை ஹூக் வைத்துக் கட்டி, உதறி என்னிடம் நீட்டினாள். நான் இடது கையின் தையலை விளக்குக்கு அடியில் பிடித்து, காலையில் மெஷின் நின்ற இடம் எது என்று தேடிப் பார்த்தேன். நூல் ஒரே சீராகப் போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குள் அவள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்திருந்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், அதில் ஒரு நாடா கட்டியிருக்கிறது. கூடத்துத் தரையில் அதை மெல்ல இழுத்துக்கொண்டே போகிறாள். தைக்கிற வீட்டில் தரையில் ஊசி விழாமல் இருக்காது. அம்மா ராத்திரி இரண்டு தடவை எழுந்து, செருப்பில்லாமல், இந்த வழியாகத்தான் குளியலறைக்குப் போவார்.

"நாற்காலிக்கு அடில எனக்குக் குனிய முடியல, நீங்க ஒருவாட்டி இழுத்துருங்க" என்று நாடாவை என் கையில் கொடுத்தாள்.

நாற்காலியிலிருந்து குளியலறை வாசல் வரை இரண்டு தடவை இழுத்தேன். ஒரு குண்டூசியும், கருப்பு ஹூக் ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தன.